40 லட்சம் தர வங்கி தயார். வாங்குவது 32 லட்சமாக இருக்கட்டும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மனைவிக்கு 23,000. கே.டி.சி. நகரில் 52 லட்சத்துக்கு ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். வங்கியில் 40 லட்சம் தருவதாகவும், 20, 25, 30 வருடம் என்று எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள்; வட்டி 8.5 சதவீதம். வைப்பு நிதியில் 20 லட்சம் இருக்கிறது. வாடகை 9,000 தவிர மற்ற வீட்டுச் செலவு 45,000. பைக் கடனுக்கு மாதம் 3,500 கட்டுகிறேன். இன்னும் 14 மாதம் பாக்கி. 6 வயது மகளுக்காகப் போடும் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை நிறுத்தக் கூடாது. எவ்வளவு கடன் வாங்கலாம், எத்தனை வருடத்துக்கு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 32 லட்சம், 20 வருடம். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீடு இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தவணைக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தை வங்கியும் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் கடன் திரும்பி வருமா என்பதுதான் அதன் கேள்வியே தவிர, தவணை கட்டிய பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பது அல்ல. அதனால்தான் வருமானத்தில் பாதி வரைக்கும் தவணைகளுக்குப் போனாலும் பல வங்கிகள் தடை சொல்வதில்லை. 40 லட்சத்துக்கு 20 வருடத்தில் மாதத் தவணை 34,713 ரூபாய். பைக் தவணையையும் சேர்த்தால் 38,213. இது உங்கள் இருவரின் 85,000 ரூபாயில் 45 சதவீதம் என்பதால் வங்கியின் கண்ணுக்கு நீங்கள் நல்ல வாடிக்கையாளர். வீட்டுச் செலவு 45,000 போனபின் மீதம் 1,787 ரூபாய். எஸ்.ஐ.பி. அந்த மாதமே நின்றுவிடும்.

வருடத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். அதே 40 லட்சத்தை 30 வருடத்துக்குப் போட்டால் தவணை 30,756 ரூபாய். பைக்கும் செலவும் போக மிஞ்சுவது 5,744. உங்கள் 66 வயது வரை கட்டினாலும் 10,000 ரூபாய்க்கு இடம் வராது. எனவே பிரச்சினை காலத்தில் இல்லை, கடன் தொகையில் இருக்கிறது.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 85,000 ரூபாயில் முதலில் வீட்டுச் செலவு 45,000, அடுத்து மகளுக்கான 10,000, பிறகு சொந்த வீட்டுக்கென்றே வரும் தீர்வை, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு போன்றவற்றுக்கு மாதம் 2,000 என்று எடுத்து வைத்தால் மிஞ்சுவது 28,000. இதுதான் நீங்கள் தாங்கக்கூடிய தவணை. வருமானத்தில் ஏறக்குறைய 33 சதவீதம். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து, கையில் வரும் சம்பளத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் எல்லை. அதைக் கடந்தவர்கள் முதலில் வெட்டுவது பெரும்பாலும் சேமிப்பைத்தான். ஏனென்றால் மளிகைக் கடைக்காரரைப் போல அது வாசலில் வந்து நின்று கேட்பதில்லை.

8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கான தவணை 868 ரூபாய். 28,000 ரூபாயை அதனால் வகுத்தால் சற்றேறக்குறைய 32 லட்சம் வரும். வட்டி கால் சதவீதம் மாறினாலும் நீங்களே கணினியில் இப்படிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்:

```
=PMT(8.5%/12, 240, -3200000)
```

விடை 27,770 ரூபாய். பைக் கடன் இருக்கும் வரை இதுவும் நடக்காது என்பதால், அதை இப்போதே சுமார் 46,000 ரூபாய் கட்டி முடித்துவிடுங்கள். அந்த 3,500 ரூபாய் சிறு தொகைபோலத் தெரியும். ஆனால் 20 வருட வீட்டுக் கடனில் அது 4 லட்ச ரூபாய்க்கான தவணை.

இனி வருடக் கணக்குக்கு வருவோம். 32 லட்சத்தை 15 வருடத்தில் அடைத்தால் தவணை 31,512, மொத்த வட்டி 24.7 லட்சம். 20 வருடமானால் தவணை 27,770, வட்டி 34.6 லட்சம். 25 வருடமானால் தவணை 25,767, வட்டி 45.3 லட்சம். 15இலிருந்து 20க்குப் போகும்போது மாதம் 3,742 ரூபாய் குறைகிறது. 20இலிருந்து 25க்குப் போகும்போது 2,003 ரூபாய்தான் குறைகிறது. 30க்குப் போனால் அதற்கு மேல் குறைவது வெறும் 1,162. வட்டியோ ஒவ்வொரு படிக்கும் 10 லட்சத்தை ஒட்டியே கூடிக்கொண்டு போகிறது. 15 வருடத் தவணை உங்கள் வருமானத்தில் 37 சதவீதம் என்பதால் எஸ்.ஐ.பி.யில் கை வைக்கும். 25 வருடம் என்றால் 61 வயதில், சம்பளம் நின்ற பிறகும் தவணை ஓடும். 20 வருடம் 56 வயதில் முடிகிறது.

நீண்ட காலத்துக்குப் போட்டால் வட்டி ஏறினாலும் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. என் வீட்டுக் கடனில் தவணை ஒரு ரூபாய்கூட மாறாததால் நான் கவனிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், 168 மாதம் என்று இருந்த மீதிக் காலம் 230ஐத் தாண்டி நின்றது. எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வந்ததாக நினைவில்லை. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்ட்டில்தான் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

உங்கள் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் நீங்கள் கட்டும் 27,770 ரூபாயில் 22,667 வட்டிக்குப் போகும். அசலில் கழிவது 5,103 மட்டுமே. இதே 25 வருடக் கடனாக இருந்தால் அசலில் கழிவது 3,100தான். தொடக்கத்திலேயே வட்டி 2 சதவீதம் ஏறி 10.5 ஆனால், 32 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 28,000 ரூபாய். 20 வருடத் தவணையே அதற்குப் போதாது எனும்போது காலத்தை எவ்வளவு நீட்டியும் பயனில்லை. தவணையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உயர்ந்த தவணை 31,948 ரூபாய், வருமானத்தில் 37.6 சதவீதம். அந்த நிலையிலும், தீர்வை, ரிப்பேருக்கான 2,000 போக, மகளுக்கு 6,000 ரூபாய் அளவில் போட முடியும். 40 லட்சம் வாங்கியிருந்தால் அதே ஏற்றத்தில் தவணை 39,935 ஆகி, பைக் கடன் இல்லாவிட்டாலும் கையில் வெறும் 65 ரூபாய் நிற்கும்.

இன்னொரு சோதனையும் தேவை. தனியார் பள்ளிச் சம்பளம் என்பதால் உங்கள் மனைவியின் 23,000 ரூபாய் சில மாதங்கள் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் 62,000 ரூபாயில் தவணை போக 34,230 மிஞ்சும். எஸ்.ஐ.பி.யை அந்த மாதங்களில் நிறுத்தி, செலவை இறுக்கிப் பிடித்தால் ஓட்டிவிடலாம். 40 லட்சக் கடனுடன் பைக் தவணையும் இருந்தால் மிஞ்சுவது 23,787. மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து என்று நீங்கள் இப்போது செய்யும் செலவில் பாதிதான்.

எஸ்.ஐ.பி.யைச் சில வருடம் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரலாமே என்று யாராவது சொல்லக்கூடும். ஆண்டுக்கு 10 சதவீதம் வளரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் (சந்தையில் இதற்கு உத்தரவாதம் கிடையாது), மகளின் 18 வயது வரை 12 வருடம் போடும் 10,000 ரூபாய் ஏறக்குறைய 27.5 லட்சம் ஆகும். முதல் 5 வருடத்தை விட்டுவிட்டு மீதி 7 வருடம் போட்டால் 12 லட்சம். நீங்கள் போடாமல் விட்டது 6 லட்சம். மகளுக்குக் கிடைக்காமல் போவது 15 லட்சம்.

அப்படியானால் என்ன விலைக்கு வீடு பார்க்கலாம்? தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 9 சதவீதத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும். வீட்டுக் கடனில் சேராது. 43 லட்ச ரூபாய் வீட்டுக்கு இது 3.87 லட்சம். வக்கீல் கருத்து, கிரில், அலமாரி, பால்காய்ப்பு என்று 1.5 லட்சம் வையுங்கள். மொத்தம் 48.37 லட்சத்தில் கடன் 32 லட்சம் போக உங்கள் பங்கு 16.37 லட்சம். பைக் கடனை அடைத்தது போக வைப்பு நிதியில் 3.17 லட்சம் நிற்கும். தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து நான்கு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். இதைத் தொடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் நம்முடையது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் தவணைத் தேதி தள்ளிப் போவதில்லை.

இதையே 52 லட்ச வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் கடன் வாங்கியும் உங்கள் பங்கு 18 லட்சத்தைத் தாண்டும். வைப்பு நிதி கிட்டத்தட்டக் காலியாகிவிடும். ஆகவே அதே பகுதியில் ஒன்றிரண்டு செண்ட் குறைந்த மனையோ, பத்து வருடம் பழகிய மறுவிற்பனை வீடோ பாருங்கள். இல்லையென்றால் வாடகை வீட்டிலேயே இன்னும் இரண்டு வருடம் இருங்கள். இப்போது மாதம் 17,500 ரூபாய் உங்களுக்கு மிஞ்ச வேண்டும். அதைச் சேர்த்தால் கையிருப்பு 4 லட்சத்துக்கு மேல் கூடும். வரிச்சலுகைக்காகக் கடனைக் கூட்ட வேண்டாம்; புதிய வரி முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்க முடியாது. தீபாவளி போனஸிலிருந்து ஆண்டுக்கு ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டி வந்தால், வட்டி இதே நிலையில் இருக்கும்பட்சத்தில் கடன் பதினாறரை வருடத்தில் முடியும். அந்தப் பணம் கட்டும்போது, தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அடுத்த கணக்கு அறிக்கையில் மீதி மாதங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பைக் கடனை முடித்ததும் தடையில்லாச் சான்றை வாங்கிக்கொண்டு, சிபில் அறிக்கையில் அது முடிந்த கடனாகத் தெரிந்த பிறகே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள்.