வேலைநிறுத்த நாளுக்கான அறிவிப்பில் சம்பளத்தைப் பற்றி என்ன எழுதலாம்?

கேள்வி: கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் சின்ன கம்பெனி. அடுத்த வாரம் ஒருநாள் பொது வேலைநிறுத்தம். பாதிப் பேர் வாளையார் தாண்டி வரும் தமிழ்க்காரர்கள். மிரட்டுவது மாதிரி இல்லாமல் நோட்டீஸ் எப்படிப் போடுவது? எவ்வளவு சம்பளம் பிடிக்கலாம்?

வேலைநிறுத்தம் சரியா தவறா என்ற பேச்சே நோட்டீஸில் வேண்டாம். இவ்வளவு போதும்:

“புதன்கிழமை கம்பெனி வழக்கமான ஷிப்டுகளில் இயங்கும். வேலைக்கு வருவோருக்கு அன்றைய சம்பளம் உண்டு. வராதோருக்கு அந்த ஒருநாள் சம்பளம் மட்டும் கிடையாது. ஏற்கெனவே அனுமதித்த விடுப்பு செல்லும். உடல்நலக் குறைவாலோ பஸ் இல்லாமலோ வர முடியாதவர்கள் ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசருக்குப் போன் செய்யவும். இருப்பில் உள்ள விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம்.”

‘மட்டும்’ என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். வேறு தண்டனை இல்லை என்று தொழிலாளிக்குச் சொல்வது அதுதான்.

தவறு அதிகம் நடப்பது பிடித்தக் கணக்கில். பழக்கதோஷத்தில் மாதச் சம்பளத்தை எல்லா மாதமும் 26ஆல் வகுப்பார்கள். அந்த மாதத்தில் ஒருவர் வேலை செய்யவேண்டிய நாட்களில் எத்தனை நாள் வரவில்லையோ, அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்குதான் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மாதச் சம்பளம் 16,200 ரூபாய், நான்கே ஞாயிறு வரும் 31 நாள் மாதம், வேறு விடுமுறை இல்லை என்றால் வேலைநாள் 27. பிடித்தம் 600 ரூபாய். 26ஆல் வகுத்தால் 623 ஆகிவிடும். அந்த 23 ரூபாய்க்காகச் சங்கம் உங்கள் வாசலில் நிற்கும், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று யாராவது ஓதுவார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் கூடிப் பேசி, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமலிருந்தால், அதுவும் வேலை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் அந்த விதி. சங்கம் முறையாக நோட்டீஸ் கொடுத்திருக்கும்போது அதை நோட்டீஸில் காட்டுவது வெறும் பூச்சாண்டி.

பாதி நாள் மட்டும் நின்றால்? நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு முழுநாள் சம்பளம் பிடித்த வங்கி வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஆனாலும் மத்தியானம் வந்தவரை வேலை செய்யவிட்டுவிட்டு முழுநாளைப் பிடித்தால் சண்டை வரும். பாதிநாள் வருகையை ஏற்பீர்களா இல்லையா என்பதை நோட்டீஸிலேயே சொல்லிவிடுங்கள்.

வருவோருக்குத் தனி இனாம், ‘யார் யார் வருவீர்கள்’ என்று முன்கூட்டியே கையெழுத்து, இரண்டுமே வேண்டாம். முதலாவது பாரபட்சம், இரண்டாவது மிரட்டல் என்றுதான் பேச்சு வரும். பஸ் காரணமும் எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக இருக்கட்டும்: வாளையாரிலிருந்து வருபவருக்கு விடுப்பு தந்தால் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வருபவருக்கும் தர வேண்டும்.

மலையாளப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒரே நேரத்தில், ஒரே பலகையில் ஒட்டுங்கள்.