உச்சம், ஆட்சி, நீசம்: கேள்வி பதில்

கேள்வி: சார், இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். உச்சம் என்றால் 100, ஆட்சி என்றால் 75, நீசம் என்றால் 0 என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தால் போதுமா?

பதில்: பலத்துக்கு அப்படிப் போடலாம். பலனுக்குப் போட முடியாது. கிரகம் எவ்வளவு ஓங்கிப் பேசும் என்பதை உச்சமும் நீசமும் காட்டும். என்ன பேசும் என்பதை லக்னத்துக்கு அது எந்தெந்த வீட்டுக்கு உரியது என்பதுதான் முடிவு செய்யும்.

கடக லக்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரு லக்னத்திலேயே உச்சம். பார்த்தவுடன் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் அவர் 9-ஆம் வீட்டுக்கு மட்டுமல்ல, 6-ஆம் வீட்டுக்கும் உரியவர். தந்தை வழி நன்மை, பெரியவர்களின் ஆதரவு, நல்ல பெயர் எல்லாம் வரும். கூடவே கடன், வழக்கு, உடல் பருமன் என்று 6-ஆம் வீட்டின் சங்கதிகளும் அதே பலத்தோடு வரும். உச்சமான கிரகம் கெட்ட ஆதிபத்தியத்தை மட்டும் வடிகட்டிவிட்டு நல்லதைத் தராது.

ஆட்சி வேறு மாதிரி. உச்ச கிரகம் பெரும்பாலும் பிறர் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் கெட்டிருந்தால் உச்சமும் கொஞ்சம் ஆடும். ஆட்சி பெற்றவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆரவாரம் குறைவு, நிலைத்து நிற்பது அதிகம். என்னைக் கேட்டால் லக்னாதிபதிக்கு உச்சத்தைவிட ஆட்சியே மேல் என்பேன். இதை ஒப்புக்கொள்ளாத ஜோதிடர்களும் உண்டு.

கேள்வி: எனக்கு சூரியன் மேஷத்தில் 28 பாகை. பரம உச்சமான 10 பாகையைத் தாண்டிவிட்டதால் உச்சம் போய்விட்டது என்கிறார்கள். நிஜமா?

பதில்: போகவில்லை. மேஷம் முழுவதும் சூரியனுக்கு உச்ச ராசிதான். 10 பாகை என்பது உச்சி.

கிரகத்தின் ஆறு வகை பலத்தை அளக்கும் ஷட்பலத்தில் உச்ச பலம் கணக்கிடும் முறையைப் பாருங்கள். பரம நீசப் புள்ளியிலிருந்து கிரகம் எத்தனை பாகை தள்ளி நிற்கிறதோ, அதை 3-ஆல் வகுக்க வேண்டும். அதிகபட்சம் 60. சூரியனின் பரம நீசம் துலாம் 10 பாகை. உங்கள் சூரியன் அங்கிருந்து 162 பாகை தள்ளி இருக்கிறார், 54 கிடைக்கிறது. இதே சூரியன் மீனம் 28 பாகையில் இருந்தால்? 168 பாகை, 56. உச்ச ராசிக்குள் நுழையவே இல்லை, ஆனால் உங்களுடையதைவிட 2 கூடுதல்! பலம் படிப்படியாக ஏறி இறங்குகிறது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது. ராசிக் கட்டத்தை மட்டும் பார்த்து உச்சம், நீசம் என்று எழுதினால் இது கண்ணில் படாது.

கேள்வி: ஐயா, என் மகள் பிறந்தது 1999 டிசம்பர் இரண்டாம் வாரம், அதிகாலை. துலா லக்னம். 7-ல் சனி நீசம், 4-ல் செவ்வாய். வரன் பார்க்கிற இடத்தில் எல்லாம் சனி நீசத்தைச் சொல்லித் தட்டிவிடுகிறார்கள். அவ்வளவு மோசமா?

பதில்: இல்லை அம்மா. அந்த நாட்களின் கிரக நிலையைப் பார்த்தேன், சொல்கிறேன்.

சனி மேஷத்தில் ஏறக்குறைய 17 பாகை. பரம நீசம் 20 பாகை என்பதால் மிக அருகில்தான் இருக்கிறார். உச்ச பலம் 60-க்கு 1 தேறினால் அதிகம். இதோடு நிறுத்தினால் நீங்கள் கேட்டதுதான் பலன்.

ஆனால் மேஷத்துக்கு அதிபதி செவ்வாய் மகரத்தில் உச்சமாகி, லக்ன கேந்திரத்தில் இருக்கிறார். மகரம் சனியின் வீடு, மேஷம் செவ்வாயின் வீடு. ஆக இருவரும் வீடு மாறி உட்கார்ந்திருக்கிறார்கள், பரிவர்த்தனை. சனியின் உச்ச வீடான துலாமுக்கு உரிய சுக்கிரனும் லக்னத்திலேயே ஆட்சி. நீசம் விலகும் நீசபங்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்தாலே பெரிது, இங்கே மூன்று. போதாததற்கு 7-ஆம் இடத்தில் சனிக்குத் திக்பலம், அதாவது திசையால் வரும் பலம்.

துலா லக்னத்துக்கு சனி 4, 5-க்கு உரிய யோகாதிபதி. மேஷத்திலிருந்து 10-ஆம் பார்வையாகத் தன் மகரத்தையே பார்க்கிறார். அதனால் படிப்பு, வீடு, நிலம் ஆகியவற்றில் இந்தச் சனி கைகொடுப்பார்.

திருமணத்தில் என்ன மிச்சம்? தாமதம் இருக்கும். நீசம் பங்கமானாலும் 7-ல் இருப்பது சனிதானே. சற்று வயது கூடிய, பொறுப்பான, அதிகம் பேசாத மாப்பிள்ளையாக அமைவது இதற்குப் பொருந்தும். செவ்வாய் 4-ஆம் பார்வையாகச் சனியைப் பார்ப்பதால் பேச்சில் உரசலும் இருக்கலாம். 4-ல் செவ்வாய் தோஷம் என்பவர்களிடம், உச்ச வீட்டில் இருப்பதால் விலக்கு உண்டு என்று சொல்லுங்கள். எல்லோரும் ஏற்பார்கள் என்று உறுதி தர மாட்டேன்.

கேள்வி: ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அப்போது சனி வக்கிரம், பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். நீச கிரகம் வக்கிரமானால் உச்ச பலன் என்றே விதி இருக்கிறதே, பரிவர்த்தனை எல்லாம் எதற்கு?

பதில்: வக்கிரம் என்பது சரி, கவனித்திருக்கிறீர்கள். பழைய நூல்களில் அப்படி ஒரு கருத்து இருப்பதும் உண்மை. உச்ச கிரகம் வக்கிரமானால் நீச பலன் என்பது அதன் மறுபாதி. இதை அப்படியே பிடித்துக்கொண்டால் சிக்கல். சனி ஆண்டில் நான்கரை மாதம் போல வக்கிரமாக இருப்பார். மேஷத்தில் சனி இருந்த 1998 முதல் 2000 வரையான காலத்தில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உச்ச பலன் என்று சொல்ல வேண்டி வரும். நடப்பில் அப்படித் தெரியவில்லை.

மேஷச் சனி வக்கிரத்தின் நடுவே இருக்கும்போது சூரியன் நேர் எதிரே துலாமில் இருப்பார், அதாவது ஐப்பசி. சூரியனும் நீசம், சனியும் நீசம், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி. இதை உச்சம் என்று எழுத எனக்குக் கை வராது. வக்கிரம் பலத்தைக் கூட்டும். அந்தப் பலம் நேராக வராமல், ஒரே காரியத்தை இரண்டு மூன்று முறை செய்ய வைத்துத் தரும் என்பதே என் கணிப்பு. உங்கள் பக்கத்திலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

கேள்வி: எனக்கும் நீசம்தான் அண்ணா. கன்னியில் சுக்கிரன், கூடவே புதன். நீசபங்க ராஜயோகம் என்றார்கள். 31 வயது ஆகிறது, யோகத்தைக் காணோம். எப்போது வரும்?

பதில்: லக்னத்தைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கன்னியில் புதன் உச்சம் என்பதால் சுக்கிரனின் நீசம் பங்கமாகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீசம் பங்கமாவது ஒன்று, ராஜயோகம் ஆவது இன்னொன்று. பங்கம் என்றால் பள்ளத்திலிருந்து தரைக்கு வந்துவிட்டார் என்பது மட்டும்தான்.

மகர லக்னம் என்றால் சுக்கிரன் 5, 10-க்கு உரியவர். 9-ல் அதன் அதிபதி புதனோடு சேர்ந்திருப்பதால் ராஜயோகம் என்று தாராளமாகச் சொல்லலாம். மேஷ லக்னம் என்றால் இதே சேர்க்கை 6-ல். வேலைக்கு நல்லது, மண வாழ்க்கைக்கு இழுபறி. எதுவானாலும் சுக்கிரன் அல்லது புதனின் தசையோ புத்தியோ வரும்போதுதான் வெளியே தெரியும். லக்னமும் நடப்புத் தசையும் அனுப்புங்கள்.

கேள்வி: ராகு கேதுவுக்கு உச்சம் ரிஷபமா, விருச்சிகமா?

பதில்: நம் பக்கத்துப் பஞ்சாங்கங்கள் பலவற்றில் இருவருக்கும் விருச்சிகம் உச்சம், ரிஷபம் நீசம். ராகுவுக்கு ரிஷபம், கேதுவுக்கு விருச்சிகம் என்பது இன்னொரு மரபு. மிதுனம், தனுசு என்பாரும் உண்டு. இது தீராத வழக்கு. நான் இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அவர்கள் நின்ற வீட்டு அதிபதி உச்சமா, ஆட்சியா, நீசமா என்று பார்த்தே பலன் சொல்கிறேன்.