தண்ணீர் புகுந்த ஸ்பீக்கர்: அரிசி வேண்டாம், காற்று போதும்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரியில் படகை விட்டு இறங்கும்போது போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டேன். தண்ணீர் காப்பு உள்ள ஐபி68 போன்தான், எல்லாம் வேலை செய்கிறது. பாட்டு போட்டால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ராத்திரி முழுக்க அரிசி டப்பாவில் வைத்தும் மாறவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதா? (வாசகர், அஸ்தம்பட்டி)

பெரும்பாலும் போயிருக்காது. டீ வடிகட்டியைத் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகும் வலையின் கண்களில் கண்ணாடிபோல் ஒரு படலம் நிற்கும். ஒரு தட்டு தட்டினால்தான் விழும். உங்கள் போனின் அடிப்பக்க ஓட்டைகளுக்குப் பின்னாலும் அப்படி ஒரு மெல்லிய வலை இருக்கிறது. கடையில் மெஷ் என்போம். அதன் கண்களைத் தண்ணீர் அடைத்திருக்கிறது. வலைக்குப் பின்னால் அதிரவேண்டிய மெல்லிய தகட்டின் மேலும் ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் சத்தம் அமுங்குகிறது.

இந்தச் சொட்டை அரிசியால் இழுக்க முடியாது. அரிசி, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைத்தான் மெதுவாக எடுக்கும், மெஷ்ஷுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரைத் தொடவே தொடாது. அரிசியும் எலும்பாய்க் காய்ந்த பொருள் இல்லை. மூட்டையில் இருக்கும்போதே 100க்கு 12 முதல் 14 பங்கு ஈரம் அதில் உண்டு. மூடிய டப்பாவுக்குள் காற்றோட்டமும் இல்லை. அரிசியில் வைத்துச் சரியானது என்பவர்களுக்கு உதவியது அந்த ராத்திரி நேரம்தான். வெளியே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் காய்ந்திருக்கும்.

இப்போது செய்யவேண்டியது இது. போனை அணைத்து, கவரைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுங்கள். சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் பத்துப் பதினைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியை ஸ்பீக்கர் ஓட்டைமேல் ஒற்றிப் பாருங்கள். துணியில் ஈரப்புள்ளி விழுந்தால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். உள்ளே எதையும் நுழைக்காதீர்கள், பட்ஸ்கூட வேண்டாம். பிறகு ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, மேசை ஃபேன் முன்னால் ஐந்தாறு மணி நேரம் நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. அதுவரை சார்ஜ் போடக் கூடாது. ஈரமான முனைகளில் கரண்ட் ஓடினால் பச்சையாய் அரித்துவிடும்.

காய்ந்த பிறகும் லேசாக அமுங்கினால், 165 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ்ந்த ஒலியை, பாதி வால்யூமில், ஸ்பீக்கர் கீழே பார்க்க, 15 விநாடி ஓடவிடுங்கள். தாழ்ந்த ஒலிக்குத் தகடு அதிகமாக அசையும், மிச்சச் சொட்டு வெளியே தெறிக்கும். துடைத்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம். முழு வால்யூமில் நிமிடக்கணக்கில் ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடாகிவிடும். தண்ணீர் காப்பு இல்லாத போனில், நன்றாகக் காயும்வரை இதைச் செய்யவே வேண்டாம், ஆன் செய்வதே ஆபத்து.

எங்களுக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. அரிசியைவிட ஜவ்வரிசி காய்ந்ததுதானே, அதில் வைக்கலாமா? (வாசகி, ஆத்தூர்)

தயவுசெய்து வேண்டாம். காரணம் அதே, கூடுதலாக அதன் மாவுத்தூள். ஈரமான மெஷ்ஷில் மாவு ஒட்டினால் காய்ந்ததும் பசையாய் இறுகும். அரிசித் தவிடும் அப்படித்தான், சார்ஜர் ஓட்டையில் குருணை சிக்கிய போன்களும் கடைக்கு வருகின்றன. ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது.

ஹேர் டிரையர் போடலாமா? மொட்டைமாடி வெயில்? (வாசகர், சூரமங்கலம்)

இரண்டும் வேண்டாம். சூட்டில் ஓரப் பசை இளகும், டிரையர் காற்று சொட்டை உள்ளே தள்ளும். வாயால் ஊதுவதும் அதே தப்பு. நிழல், ஃபேன்.

பால் காபி கொட்டி நான்கு நாள் ஆகிறது. போன் நன்றாகக் காய்ந்துவிட்டது, சத்தம் மட்டும் இன்னும் அமுங்கியே இருக்கிறது. (வாசகி, ஏற்காடு)

உங்களுடையது ஈரப் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் சர்க்கரையும் பாலும் மெஷ்ஷிலேயே தங்கும். எத்தனை நாள் ஃபேன் முன்னால் வைத்தாலும் போகாது.

கடைக்குப் போகும் முன் ஒன்று பாருங்கள். அதே பாட்டை இயர்போனில் கேளுங்கள். அதில் தெளிவாக இருந்தால் குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில்தான், போர்டில் இல்லை. நீங்கள் பேசுவது எதிராளிக்கு அமுங்கிக் கேட்டால் அது மைக். அதற்கு வேறு ஓட்டை, வேறு மெஷ். சிம் தட்டுக்குள் எட்டிப் பார்த்தால் பல போன்களில் வெள்ளையாய் ஒரு சின்ன ஸ்டிக்கர் தெரியும். அது சிவந்திருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. போனைத் திறந்து பார்ப்பது நல்லது.

கடையில் ரிங்கரை, அதாவது ஸ்பீக்கரை, மாற்றவேண்டும் என்று சொன்னால், முதலில் மெஷ்ஷை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்து பாட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் கரகரத்தால்தான் தகடு கெட்டிருக்கிறது, அப்போது மாற்றச் சொல்லலாம்.