போட்டோவில் உள்ள வினாத்தாளைத் தட்டச்சு செய்யும்போது எண்களும் மதிப்பெண்களும் குழம்பாமல் இருக்க என்ன செய்வது?

"பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை போட்டோ பார்த்து வேர்டில் அடிக்கிறேன். கேள்வி எண், உட்பிரிவு, மதிப்பெண், நான்கு விடைகள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. எப்படிச் சரியாக அடிப்பது?"

முதலில் வேர்டின் தானியங்கி எண்ணிடலை அணைத்துவிடுங்கள். தாளில் உள்ள எண்ணை நீங்களே அடியுங்கள். தானாக விழும் எண், நடுவில் ஒரு கேள்வி விடுபட்டாலும் வரிசையாகவே தெரியும். கையால் அடித்தால் 17க்குப் பின் 19 வந்ததும் கண்ணில் படும்.

விடைகள் இரண்டு வரிசையாக அச்சாகியிருந்தால் இடத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். சில தாள்களில் (அ)வுக்கு நேர் கீழே (ஆ) இருக்கும். இடமிருந்து வலமாக அடித்தால் (ஆ)வும் (இ)யும் மாறி, விடைக்குறிப்பே தவறாகிவிடும். ஒரு விடைக்கு ஒரு வரி கொடுங்கள்.

அதிகம் தொலைவது 'அல்லது' என்ற சொல்தான். 43, 44ஆம் கேள்விகளுக்கு (அ) அல்லது (ஆ) எழுதினால் போதும்; அதனால்தான் பகுதித் தலைப்பில் 2 × 8 = 16 என்று இருக்கிறது. அந்தச் சொல்லைத் தனி வரியில், நடுவில் அடியுங்கள். விட்டுவிட்டால் நான்கும் கட்டாயக் கேள்விகளாகி 32 மதிப்பெண் வரும்.

முடித்ததும் பகுதித் தலைப்புகளைக் கூட்டுங்கள்: 14 + 20 + 50 + 16 = 100. போட்டோவில் மங்கிய பின்னத்தையோ அடுக்கையோ ஊகித்து அடிக்காதீர்கள். [தெளிவில்லை] என்று குறித்துவிட்டு மூலத்தாளைக் கேளுங்கள்.