வளைகோடு ஏன் வில்லாக வளைகிறது?

கேள்வி: பொருளியல் தேர்வுக்குப் படிக்கிறேன். உற்பத்தி வாய்ப்பு வளைகோட்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பது புரிகிறது. ஆனால் கோடு ஏன் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் வளைகிறது? அட்டவணை கொடுத்து வாய்ப்புச் செலவு கேட்டால் எந்த எண்ணை எடுப்பது? வேலையில்லாதவர்கள் நிறைய இருக்கும் நாட்டுக்கும் இந்த இழப்பு உண்டா?

பதில்: கணக்கிலிருந்து தொடங்கினால் வளைவு தானாகப் புரிந்துவிடும். ஒரு நாடு தானியம், இயந்திரம் என்று இரண்டே பொருள்களைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். கையிலுள்ள நிலம், ஆட்கள், கருவிகள் எல்லாவற்றையும் முழுதாகப் பயன்படுத்தினால் கிடைக்கும் அளவுகள் இவை; இவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து இணைத்தால் வருவதே அந்த வளைகோடு:

அ: தானியம் 100, இயந்திரம் 0
ஆ: தானியம் 95, இயந்திரம் 10
இ: தானியம் 85, இயந்திரம் 20
ஈ: தானியம் 60, இயந்திரம் 30
உ: தானியம் 0, இயந்திரம் 40

'இ'யிலிருந்து 'ஈ'க்குப் போவதன் வாய்ப்புச் செலவு என்ன என்று கேட்டால், பலர் 60 என்று எழுதிவிடுகிறார்கள். அது மிச்சமிருக்கும் தானியம். நமக்கு வேண்டியது கைவிட்ட தானியம், அதாவது 85 கழித்தல் 60, 25 அலகு. கூடுதலாகக் கிடைத்தது 10 இயந்திரம். எனவே ஓர் இயந்திரத்துக்கு 2.5 அலகு தானியம். விட்டதைப் பெற்றதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கேள்வி திரும்பி, 'ஈ'யிலிருந்து 'இ'க்கு வரும்போது ஓர் அலகு தானியத்தின் செலவு என்ன என்றால், விட்டது 10 இயந்திரம், பெற்றது 25 தானியம், விடை 0.4 இயந்திரம்.

இதே முறையில் எல்லாப் படிகளையும் போட்டுப் பாருங்கள். ஓர் இயந்திரத்துக்கு முதலில் 0.5, பிறகு 1, பிறகு 2.5, கடைசியில் 6 அலகு தானியம் போகிறது. படிக்குப் படி சரிவு கூடுவதுதான் வரைபடத்தில் வில்லாகத் தெரிகிறது.

செலவு ஏன் ஏறுகிறது? முதல் 10 இயந்திரங்களுக்காக வயலை விட்டு வருபவர்கள், விவசாயத்தில் பெரிதாகப் பயன்படாத, ஆனால் பட்டறை வேலை கைவந்தவர்கள். அவர்கள் போனதால் விளைச்சல் அதிகம் குறையாது. கடைசி 10 இயந்திரங்களுக்கோ, மண்ணை நன்கறிந்த தேர்ந்த உழவர்களையும் மிகச் செழிப்பான நிலத்தையும் இழுத்து வர வேண்டியிருக்கிறது. வயலில் இழப்பு பெரிது, தொழிற்சாலையில் ஆதாயம் சிறிது. எல்லா வளங்களும் இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரிப் பொருந்துமானால் கோடு நேராகவே இருக்கும். பாடப்புத்தகங்களில் சில நேரம் நேர்கோடு வருவது இந்த எளிமையான அனுமானத்தால்தான்.

இனி வேலையின்மை. ஒரு நாடு 80 தானியமும் 15 இயந்திரமும் செய்கிறது என்றால், அந்தப் புள்ளி கோட்டுக்கு உள்ளே விழும். ஏனெனில் 'இ' புள்ளியில் இரண்டுமே அதைவிட அதிகம். அங்கிருந்து 'இ'க்கு நகர்ந்தால் எதையும் இழக்காமல் இரண்டும் கூடுகின்றன. அந்த நகர்வுக்கு வாய்ப்புச் செலவு சுழியம்.

நடந்த உதாரணம் அமெரிக்கா. 1940இல் அங்கே உழைப்பாளர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலையின்றி இருந்தார்கள். அதனால் 1941 வரை ஆயுத உற்பத்தியும் மக்கள் வாங்கிய பொருள்களும் சேர்ந்தே ஏறின. கோட்டை நெருங்க நெருங்க அது முடியாமல் போயிற்று. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு, அதே தொழிற்சாலைகளைப் போர்த்தளவாடங்களுக்குத் திருப்பினார்கள். 1944இல் வேலையின்மை ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது.

அதே 1942 ஜனவரியில் தொடங்கிய டயர் ரேஷனை இதற்கு உதாரணமாக எழுதிவிடாதீர்கள். தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் வரத்து ஜப்பானியப் படையெடுப்பால் அறுந்தது அதற்குப் பெரிய காரணம். வளமே கைவிட்டுப் போனால் கோட்டின் மேல் நகர்வதில்லை, கோடே உள்ளே சுருங்குகிறது.

ஒரு எச்சரிக்கை: எல்லோருக்கும் வேலை இருப்பதாலேயே நாடு கோட்டின் மேல் நிற்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பட்டறைக்காரர் வயலிலும் உழவர் பட்டறையிலும் வேலை செய்தால், ஒருவர்கூட சும்மா இராமலேயே நாடு உள்ளே நிற்கும். மூடிக் கிடக்கும் தொழிற்சாலை கண்ணில் படும், இந்த வகை விரயம் எளிதில் படாது. இருவரையும் இடம் மாற்றிப் பார்த்து இரண்டு உற்பத்தியும் கூடினால், முன்பு நின்ற இடம் கோட்டுக்கு உள்ளேதான்.