அமில நீக்கி மாத்திரைகளை ஒப்பிடும்போது வரிசையே தலைகீழாவது ஏன்?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செயல்திட்டத்துக்காக அமில நீக்கி மாத்திரைகளை ஒப்பிடுகிறேன். பொடித்துத் தண்ணீரில் போட்டு HCl கொண்டு நேரடியாகத் தரம்பார்த்தால் நிறம் மாறுவதும் பழையபடி திரும்புவதுமாக இருந்தது. பிறகு அதிகமாக அமிலம் சேர்த்து, மிச்சத்தை NaOH கொண்டு பினால்ப்தலீன் போட்டுத் தரம்பார்த்தேன். அலுமினியம்-மக்னீசியம் மாத்திரை கால்சியம் மாத்திரையைவிடக் குறைவு என்று வருகிறது. அட்டையில் உள்ள அளவுப்படி கணக்கிட்டால் அதிகமாக அல்லவா வர வேண்டும்? எங்கே தவறு?

பதில்: உங்கள் கணக்கு சரி, நிறங்காட்டிதான் பொருந்தவில்லை. பினால்ப்தலீனுக்குப் பதில் புரோமோபீனால் நீலம் போட்டுப் பாருங்கள், வரிசை மாறிவிடும்.

நேரடித் தரம்பார்த்தல் சரிவராததற்குக் காரணம் எளிது. கால்சியம் கார்பனேட்டும் இந்த ஹைட்ராக்சைடுகளும் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகக் கரைபவை. கரைந்திருந்த கொஞ்சத்தை அமிலம் நடுநிலையாக்கியதும் நிறம் மாறுகிறது. அடியில் கிடக்கும் பொடியிலிருந்து இன்னும் கொஞ்சம் கரைந்ததும் நிறம் திரும்புகிறது. அதனால் மிகுதி அமிலத்தில் முழுவதையும் கரைத்துவிட்டு, மிச்சத்தை அளக்கும் பின்தரம்பார்த்தல்தான் வழி. அதை நீங்களே கண்டுகொண்டீர்கள்.

இப்போது அலுமினியத்துக்கு வருவோம். ஒரு Al(OH)₃ மூன்று H⁺ அயனிகளை எடுத்துக்கொண்டு Al³⁺ ஆகக் கரைகிறது. பின்னர் நீங்கள் NaOH விடும்போது முதலில் மிச்ச அமிலம் தீர்கிறது. pH 4-ஐத் தாண்டத் தொடங்கியதும் Al³⁺ அயனி தலா மூன்று OH⁻ எடுத்துக்கொண்டு மறுபடி Al(OH)₃ ஆக வீழ்படிகிறது. எவ்வளவு அமிலத்தை அது நடுநிலையாக்கியதோ, ஏறக்குறைய அதே அளவு காரத்தை இப்போது விழுங்கிவிடுகிறது. பினால்ப்தலீன் இளஞ்சிவப்பாவது pH 8-க்கு மேல். அதற்குள் இந்த விழுங்கல் முழுவதும் முடிந்துவிடும். அந்த NaOH-ஐயும் நீங்கள் ‘மிச்ச அமிலம்’ என்று கணக்கில் எழுதுவதால், அலுமினியத்தின் பங்கு காணாமல் போகிறது. குடுவையில் இதற்கு அடையாளமும் உண்டு: முடிவுநிலைக்கு முன்பே வெண்மையான, கூழ் போன்ற கலங்கல் தோன்றும், இளஞ்சிவப்பு நிலைக்காமல் மங்கும்.

மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. Mg(OH)₂ வீழ்படிய pH 9-க்கு மேல் போக வேண்டும். அதனால்தான் கால்சியம் மாத்திரைக்கு மட்டும் உங்களுக்குச் சரியான எண் வந்தது.

அமெரிக்க மருந்தியல் தரநூல் அமில நீக்கிகளைச் சோதிக்கும்போது, மாதிரியை 15 நிமிடம் அமிலத்தில் கலக்கிவிட்டு pH 3.5 வரைதான் பின்தரம்பார்க்கச் சொல்கிறது. 3.5-இல் அலுமினியம் கரைசலிலேயே இருக்கும். புரோமோபீனால் நீலம் pH 3.0 முதல் 4.6 வரை மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுவதால் இதற்குப் பொருந்துகிறது. pH மீட்டர் கிடைத்தால் நிறத்தை நம்பவே வேண்டாம், 3.5-இல் நிறுத்திவிடுங்கள்.

செய்முறை இப்படி. ஒவ்வொரு வகையிலும் 5 மாத்திரைகளை எடைபோட்டுச் சராசரி எடை காணுங்கள். ஐந்தையும் சேர்த்துக் கல்வத்தில் நைசாகப் பொடித்து, ஒரு மாத்திரையின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான பொடியைத் துல்லியமாக எடைபோட்டுக் கூம்புக்குடுவையில் இடுங்கள். 0.1 M HCl 50.0 மி.லி. பிப்பெட்டால் சேருங்கள். கார்பனேட் இருந்தால் நுரைத்துப் பொங்கும் என்பதால் மெதுவாக விடுங்கள். குடுவை வாயில் சிறு புனல் வைத்து 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். CO₂ வெளியேறும், அலுமினியமும் முழுமையாகக் கரையும். மாவுப்பொருள் போன்ற சேர்மானங்களால் கொஞ்சம் கலங்கலாகவே இருக்கும். வடிகட்டாதீர்கள், தாளில் அமிலம் தங்கிவிடும். நிறங்காட்டி விட்டதும் கரைசல் மஞ்சளாக இருக்க வேண்டும். நீலமாகிவிட்டால் அமிலம் போதவில்லை, பொடியைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

வெறும் HCl 25.0 மி.லி.க்கும் அதே NaOH, அதே நிறங்காட்டி கொண்டு தரம்பார்த்து, விடையை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.லி.யை அப்படியே எடுத்தால் பியூரெட் போதாமல் போகலாம். இந்த வெற்றுச் சோதனை இருந்தால் HCl-இன் செறிவு கணக்கில் வரவே வராது. NaOH-இன் செறிவு மட்டும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. NaOH 0.098 M, வெற்றுச் சோதனை 26.0 மி.லி. என்றால் 50 மி.லி. அமிலத்துக்கு 52.0 மி.லி. மாத்திரையில் CaCO₃ 500 மி.கி., சராசரி எடை 1.30 கிராம், எடுத்த பொடி 0.260 கிராம், NaOH 31.8 மி.லி. செலவாயிற்று.

(52.0 − 31.8) × 0.098 = 1.98 மில்லிமோல்

இதை 5-ஆல் பெருக்கினால் ஒரு மாத்திரைக்கு 9.9 மில்லிமோல். CaCO₃ 500 மி.கி. என்பது 5 மில்லிமோல். ஒவ்வொன்றும் இரண்டு H⁺ எடுப்பதால் கணக்குப்படி 10 வர வேண்டும். பொருந்துகிறது.

இனி Al(OH)₃ 250, Mg(OH)₂ 250 மி.கி. உள்ள மாத்திரை. கணக்குப்படி அலுமினியம் 9.6, மக்னீசியம் 8.6, மொத்தம் 18.2 மில்லிமோல். பினால்ப்தலீனில் மக்னீசியத்தின் பங்கான 8.6-ஐ ஒட்டியே வரும். கால்சியம் மாத்திரையின் 9.9-க்கு அது தோற்றுப்போகும். புரோமோபீனால் நீலத்தில் அதே பொடிக்கு 18.0 மி.லி. செலவானால், (52.0 − 18.0) × 0.098 × 5 = 16.7. அட்டையில் ‘உலர்ந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்’ என்று இருந்தால் அது முழுக்கத் தூய Al(OH)₃ அல்ல. அதனால் 18.2-க்குக் கீழே வருவது இயல்புதான், அதைப் பிழை என்று எழுதாதீர்கள்.

முடிவுநிலையில் ஒரு கவனம் வேண்டும். அலுமினியம் இருக்கும் குடுவையில் மஞ்சள் சட்டென்று நீலமாகாது, பச்சை சாயலாக இழுத்துக்கொண்டே போகும். முழு நீலத்துக்குக் காத்திருந்தால் வீழ்படிவு தொடங்கி, மறுபடி பழைய பிழைதான். pH 4 தாங்கல் கரைசலில் அதே எண்ணிக்கையில் நிறங்காட்டித் துளிகள் விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்துக்குச் சற்று முன், சாயல் 15 நொடி நிலைத்தால் நிறுத்துங்கள். வண்ணம் பூசிய மாத்திரைகள் இந்தச் சாயலை மறைக்கும், வெள்ளை மாத்திரைகளையே தேர்ந்தெடுங்கள்.

பியூரெட்டில் 0.1 மி.லி. தவறினால் ஒரு மாத்திரைக்கு 0.05 மில்லிமோல் மாறும். எடைப் பிழையும் சேரும். மூன்று முறை செய்த விடைகளின் பரவல் எவ்வளவோ, அதைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து ஒரு மாத்திரை சிறந்தது என்று அறிக்கையில் எழுத முடியாது. ஒப்பீட்டை ஒரு மாத்திரைக்கும் ஒரு கிராமுக்கும் தனித்தனியே கொடுங்கள், வரிசை வேறாக வரலாம். பாண்டோபிரசோல், ஃபாமோடிடின் போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்: அவை இருக்கும் அமிலத்தை நடுநிலையாக்குபவை அல்ல, வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. குடுவையில் அவற்றின் வேலை தெரியாது.

நேரம் இருந்தால் அதே பொடியைக் கொதிக்கவைக்காமல், அறை வெப்பநிலையில் 15 நிமிடம் மட்டும் அமிலத்தில் கலக்கிவிட்டு இன்னொரு முறை தரம்பாருங்கள். கொதிக்கவைத்தபோது கிடைத்தது மாத்திரையின் முழுத் திறன். இந்த இரண்டாவது எண் அதைவிடக் குறைந்தால், மாத்திரை மெதுவாகக் கரைகிறது என்று பொருள். அலுமினியம் உள்ளவற்றில் அந்தக் குறைவை எதிர்பார்க்கலாம்.