ஏற்காடு இறக்கம், வெள்ளைக்கல் புழுதி: ஃபோர்க் ஆயிலும் செயின் ஆயிலும்

அண்ணா, 125 சிசி வண்டி. ஏற்காடு இறங்கும்போது பிரேக் பிடிச்சா முன்பக்கம் முங்குது. ஃபோர்க்கில் இருக்கிற 10 டபிள்யூ ஆயிலை எடுத்துட்டு 20 ஊத்தினா நிக்குமா?

நிக்காது தம்பி. எடையைத் தாங்குறது ஸ்பிரிங். ஆயில் முங்குற வேகத்தைத்தான் குறைக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி பிரேக்கைப் பிடிச்சபடியே இறங்கும்போது, 20 போட்டாலும் கடைசியில் அதே ஆழத்துக்குத்தான் போகும். அதோட, முங்கின ஃபோர்க் மெதுவா எழும்பும். அடுத்தடுத்து பள்ளம் வந்தா, முழுசா எழும்பறதுக்குள்ள அடுத்த அடி விழுந்து கைப்பிடி அதிரும்.

முதல்ல பழைய ஆயிலை மாத்துங்க. முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டிலை அழுத்தி விடுங்க. ஒரே தடவை எழும்பி அடங்கணும். ரெண்டாவது தடவையும் ஆடினா ஆயில் செத்துப்போச்சு. மேனுவலில் உள்ள அதே கிரேடை, ஃபோர்க்கின் ரெண்டு காலுக்கும் அளவுக்குவளையில் சமமா ஊத்துங்க. கழட்டிக் கழுவின ஃபோர்க்குக்கு ஒரு அளவு, வடிச்சு மட்டும் விட்டதுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே கொஞ்சம் பழசு ஒட்டியிருக்கும். புது ஆயிலிலும் ஆடினா, ஒரே கம்பெனியின் 10-ஐயும் 15-ஐயும் பாதிப்பாதி கலக்கலாம். கம்பெனி மாறினா அதே எண்ணிலேயே கெட்டி வேறுபடும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்பதை ஒப்பிட்டுப் பாருங்க.

ஆயிலைக் கொஞ்சம் கூடுதலா ஊத்தினா முங்காதுன்னு எங்க மெக்கானிக் சொல்றாரே சார்?

பாதி சரி. உள்ளே காற்று இடம் குறையறதால கடைசி முங்கலில் இறுகும், ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது. அளவு மீறினா அழுத்தம் ஏறி சீல் ஒழுகும்.

20-50 என்ஜின் ஆயில் மிச்சம் இருக்கு. நீங்க சொல்ற 20-க்கு அதையே ஊத்தலாம்ல?

வேண்டாம். அந்த எண் என்ஜின் ஆயிலுக்கான கணக்கு, ஃபோர்க்குக்கு ரொம்பக் கெட்டி. நுரையை அடக்கும் சேர்மானமும் வேற.

நான் கருப்பூர் பக்கம், ரோடெல்லாம் வெள்ளைக்கல் புழுதி. ஸ்ப்ரே அடிச்ச மூணாம் நாளே செயின் வெள்ளைப் பசையா ஆயிடுது. என்ன போடலாம்?

அந்தப் பசை அரம் மாதிரி பல்லைத் தின்னும். மண்ணெண்ணெயில் நனைச்ச மென்மையான பிரஷ்ஷால கழுவி, துடைச்சு, காயவிடுங்க. கம்பி பிரஷ், பெட்ரோல் ரெண்டும் வேண்டாம், ரப்பர் வளையம் உள்ள செயினுக்கு ரெண்டுமே எமன். என்ஜினை நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால சுத்திக்கிட்டே, 90 கியர் ஆயிலை கீழ்ச்சரட்டின் உள்பக்கம், தகடுகள் சேரும் இடத்தில் சொட்டு சொட்டா விடுங்க. கால் மணி நேரம் கழிச்சு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால அழுத்தித் துடைங்க. வேலை நடக்கிறது உள்ளே, வெளியே நிக்கிறது புழுதிக்குத்தான் தீனி.

ஐப்பசி மழையில் அது கழுவிட்டுப் போயிடாதா?

போயிடும். நல்லா நனைஞ்ச அன்னிக்கே துடைச்சு மறுபடி விடணும். மூட்டுகளில் செம்பழுப்புத் தூள் தெரிஞ்சா உள்ளே வறண்டாச்சு. மழை மாசங்களில் மட்டும் ஒட்டும் ஸ்ப்ரேக்கு மாறலாம்.

வேக்ஸ் ஸ்ப்ரே ரெண்டுக்கும் சரிப்படும் அண்ணா, நான் அதான் போடறேன்.

புழுதிக்கு நல்லதுதான் தம்பி. தொடர் மழையில் எவ்வளவு நாள் நிக்கும்னு ஆளுக்கொரு கருத்து. உங்க செயினில் அந்தச் செம்பழுப்பு வராத வரைக்கும் மாத்த வேண்டாம்.